கபடிக் களத்தின் ஓரத்திலிருந்து போனில் படம் எடுப்பது

"என் மகளுக்கு 12 வயது. ஸ்கூல் கபடி டீமில் ரெய்டர். சாயங்காலம் லைட் போட்டு நடக்கிற மேட்சில் போனில் எடுத்தால் ஒரு படம்கூடத் தெளிவாக விழுவதில்லை, ஆள் பேய் மாதிரி இழுபட்டுத் தெரிகிறாள். போன் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஆண்ட்ராய்டுதான். தனியாக கேமரா வாங்க வேண்டுமா, இல்லை போனிலேயே வழி இருக்கிறதா?"

இப்போதைக்குக் கேமரா வேண்டாம். கால்பந்தோ கிரிக்கெட்டோ என்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அங்கே பிள்ளை 40 மீட்டர் தள்ளி ஓடும், போனின் எட்டுக்கு அது வராது. கபடிக் களம் சின்னது. பெரிய ஆண்கள் ஆடும் களமே 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம்தான். பெண்களுக்கும் சிறுவர் சிறுமியருக்கும் அதைவிடச் சிறிது. ஓரத்தில் உட்கார்ந்தால் மொத்த ஆட்டமும் உங்களிடமிருந்து பத்துப் பதினைந்து மீட்டருக்குள் நடந்து முடிந்துவிடும். அதனால் போனால் எட்ட முடியாத தூரம் இதில் கிடையாது. உங்களுக்கு இடிப்பது வெளிச்சமும் வேகமும்தான்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். ஏற்கெனவே எடுத்த மங்கலான படங்களில் பத்தைத் திறந்து, பெரிதாக்கிப் பாருங்கள். மங்கல் எல்லாம் ஒரே மங்கல் இல்லை. களத்தின் கோடு, பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள், ஆடுபவள் என எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. கோடும் கூட்டமும் கூர்மையாக இருந்து, அவள் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடியிருக்கிறது. பின்னால் இருப்பவர்கள் தெளிவாக இருந்து, அவள் இழுபடாமல் சும்மா மெத்தென்று இருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது. அவள் கை இரண்டாகவோ மூன்றாகவோ தெரிந்தால், போன் தானாகவே பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒட்டிய வேலை அது. விளக்கைச் சுற்றி பனிமூட்டம் மாதிரி வெளுத்திருந்தால் லென்ஸில் விரல் எண்ணெய். வேட்டி முனையால் துடைத்தாலே சரியாகிவிடும். சிரிக்காதீர்கள், நான் பார்த்துக் கொடுத்த போன்களில் பாதிக்கு மருந்து இதுதான்.

நீங்கள் 'இழுபட்டு' என்று சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை, அதாவது ஷட்டர். உறுதிப்படுத்திக்கொள்ள கேலரியில் அந்தப் படத்தைத் திறந்து மேல்நோக்கித் தள்ளுங்கள், அல்லது விவரம் காட்டும் பொத்தானைத் தொடுங்கள். 1/60, 1/100 என்று ஒரு பின்னம் இருக்கும். எத்தனை வினாடி நேரம் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டது என்பதன் கணக்கு அது. அதன் பக்கத்திலேயே ISO என்று ஓர் எண் இருக்கும். அது அந்த வெளிச்சத்தைப் போன் எத்தனை மடங்கு தூக்கிக் காட்டியது என்பதற்கான அளவு.

இந்தப் பின்னம் என்ன செய்கிறது என்பதை ஒரு கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன். மகள் உங்களிடமிருந்து 6 மீட்டர் தூரத்தில் இருக்கிறாள் என்று வையுங்கள். போனைப் படுக்கையாகப் பிடித்து 1x-இல் எடுத்தால் அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 8 மீட்டர் அகலம் படத்துக்குள் வரும். வழக்கமான 12 மெகாபிக்சல் படத்தில் அந்த அகலத்துக்கு 4000 புள்ளிகள். ஆக, ஒரு மீட்டருக்கு 500 புள்ளி. முகம் 20 சென்டிமீட்டர் என்றால் அதற்குக் கிடைப்பது 100 புள்ளி. இப்போது அவள் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் குறுக்கே ஓடுகிறாள். 1/60 வினாடியில் கிட்டத்தட்ட ஏழு சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறாள், அதாவது 33 புள்ளி. முகத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குக் கண்ணும் மூக்கும் கோடாகிவிடும். அதே ஓட்டத்தை 1/500-இல் எடுத்தால் 8 மில்லிமீட்டர் நகர்வு, நான்கே புள்ளி. அது கண்ணுக்கே தெரியாது. கை உடம்பைவிட இரு மடங்கு வேகத்தில் வீசும், அதனால் 1/500-இலும் விரல் நுனி கொஞ்சம் கரையும். அது கரைந்தால் பரவாயில்லை, எனக்கு அது பிடிக்கும்கூட.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. ஜூம் செய்தால் இந்த மங்கல் குறையாது. 2x போட்டால் முகத்துக்கு 200 புள்ளி கிடைக்கும், இழுபடலும் 66 புள்ளி ஆகும். இருட்டில் நிலைமை இன்னும் மோசம். போனின் தூர லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சென்சார் சின்னது, லென்ஸின் துளையும் சின்னது. வெளிச்சம் போதவில்லை என்று தோன்றினால், பல போன்கள் உங்களிடம் சொல்லாமலேயே முதன்மைக் கேமராவுக்கு மாறி, அதன் படத்தை வெட்டிப் பெரிதாக்கி '3x' என்று காட்டும். சந்தேகமாக இருந்தால் 3x-இல் வைத்துக்கொண்டு தூர லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரை இருட்டாகவில்லை என்றால் உங்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. என் மூத்தவளின் ஒரு அரையிறுதி முழுவதையும் இப்படி 3x-இல் எடுத்து வீட்டுக்கு வந்து பார்த்தேன், எல்லாம் வாட்டர்கலர் ஓவியம். விளக்கு வெளிச்சத்தில் 1x-ஐ விட்டு நகராதீர்கள். வேண்டிய இடத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். 0.5x பக்கமே போக வேண்டாம்.

சரி, ஷட்டரை எப்படி வேகமாக்குவது?

காலை ஒன்பது மணி வெயிலில் நடக்கும் ஆட்டத்துக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம். போன் தானாகவே 1/1000-க்கு மேல் போய்விடும். அங்கே சாதாரண முறையிலேயே பர்ஸ்ட் எடுங்கள். சாம்சங்கில் ஷட்டர் பொத்தானைத் திரையின் ஓரத்தை நோக்கி இழுத்துப் பிடித்தால் தொடர்ந்து எடுக்கும், அதற்கான தெரிவு கேமரா அமைப்பில் இருக்கும். ஐபோனில் பொத்தானை இடப்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். மற்ற போன்களில் அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலும் ஓடும்.

மாலை ஆறரைக்கு மேல் தானியங்கி முறையை நம்ப முடியாது. போன் நல்ல எண்ணத்தில்தான் ஷட்டரை மெதுவாக்குகிறது. வெளிச்சம் அதிகம் வந்தால் படம் பளிச்சென்று, மணல் தூவியது மாதிரி புள்ளி இல்லாமல் இருக்கும் என்பது அதன் கணக்கு. நிற்கிற ஆளுக்கு அது சரி, ஓடுகிற ஆளுக்கு இல்லை. அதனால் கேமராவில் Pro என்ற முறைக்குப் போங்கள். அங்கே SPEED அல்லது S என்று இருப்பதுதான் ஷட்டர். உங்கள் தானியங்கிப் படம் 1/60, ISO 640 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1/250-க்குப் போனால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்குதான் வரும், அதை ஈடுகட்ட ISO நான்கு மடங்கு, சுமார் 2500. படத்தில் மணல் தூவியது மாதிரி புள்ளி வரும். 1/500 வேண்டுமென்றால் ISO 5000 ஆகிவிடும். நிறைய போன்களில் அந்த அளவுக்கு இடமே இருக்காது, 3200-இல் நின்றுவிடும். அப்போது 1/500, ISO 3200 என்று வைத்துக் கொஞ்சம் இருட்டாகவே எடுத்துவிட்டு, வீட்டில் வெளிச்சத்தைத் தூக்கலாம். புள்ளி வந்த படத்தில் முகம் தெரியும். இழுபட்ட படத்தை எந்த ஆப்பும் மீட்டுத் தராது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் எப்போதும் புள்ளியைத்தான் எடுப்பேன்.

Pro முறையில் இரண்டு இடைஞ்சல்கள் இருக்கின்றன. முதலாவது, பல போன்களில் அங்கே பர்ஸ்ட் கிடையாது, ஒவ்வொன்றாகத்தான் அழுத்த வேண்டும். இதற்கு நீங்கள் ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், கீழே சொல்கிறேன். ஐபோன்காரர்களுக்கு உடன் வரும் கேமராவில் ஷட்டரைக் கையால் வைக்கும் வசதியே இல்லை, தனி ஆப் போட்டுக்கொள்ள வேண்டும். இடையில் ஒன்று: ஐபோனில் ஓடும் ஆள் படம் போட்ட Action mode என்று ஒன்றைப் பார்த்துவிட்டு, இதற்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது வீடியோவுக்கானது, உங்கள் கை ஆட்டத்தைக் குறைப்பது. ஓடும் ஆளை அது நிறுத்தாது, போதாததற்கு நிறைய வெளிச்சமும் கேட்கும்.

இரண்டாவது இடைஞ்சல் விளக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள், முக்கியமாக மலிவான எல்.இ.டி. ஃபிளட்லைட்டுகள், வினாடிக்கு 100 தடவை மங்கி மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது. 1/100-இல் எடுத்தால் ஒரு முழுச் சுற்று உள்ளே வந்துவிடும், எல்லாப் படமும் ஒரே வெளிச்சமாக இருக்கும். 1/500-க்குப் போனால் அந்தச் சுற்றில் ஐந்தில் ஒரு துண்டுதான் கிடைக்கும். அதனால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும், அல்லது ஒரே படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகளாகவும் வரும். ஆட்டம் தொடங்குவதற்கு முன், வெறும் களத்தை 1/500-இல் நான்கைந்து தடவை எடுத்துப் பாருங்கள். பட்டை விழுந்தால் 1/250-க்கு இறங்குங்கள். அங்கேயும் விழுந்தால் அந்த மைதானத்தில் உங்களுக்கு 1/100-தான் விதித்திருக்கிறது, அதற்கு மேல் போனிடம் கேட்டுப் பயனில்லை.

1/100-இல் என்ன எடுக்க முடியும் என்று கேட்பீர்கள். கபடியில் நிறையவே எடுக்கலாம். மற்ற ஆட்டங்களில் உச்சக் கணம் என்பது பெரும்பாலும் அதிவேகக் கணம். கபடியில் பல சமயம் நேர்மாறு. மகள் பாடிப் போய், கோட்டைத் தாண்டி, கால் ஒன்றைப் பிடித்துவிட்டார்கள் என்று வையுங்கள். நான்கு பேர் பின்னால் இழுக்கிறார்கள், அவள் நடுக்கோட்டை நோக்கித் தன்னை நீட்டுகிறாள். இரண்டு பக்க விசையும் சமமாகி, முழு உடம்பும் விறைத்து, அரை வினாடி எதுவுமே நகராது. பார்க்கிறவனுக்கு மூச்சு நிற்கும் இடம் அதுதான், போனுக்கு வேலை எளிதாகும் இடமும் அதுதான். முகத்தில் நரம்பு புடைத்திருக்கும், கை கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும், ஆனால் நகர்வு மிகக் குறைவு. இதை 1/100-இல் எடுத்தாலும் நிற்கும். இதே மாதிரி இன்னும் இரண்டு இடங்கள். எதிரணியின் கடைசிக் கோடு பக்கம் போய்த் திரும்புகிற கணத்தில் உடம்பு ஒரு நொடி நின்றுதான் திசை மாறும். போனஸ் புள்ளிக்காக போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை நீட்டும்போது பின்னங்கால் அந்தரத்தில் இருக்கும் கணம் இன்னொன்று. போனஸ் என்பது எதிரணியில் ஆறு பேராவது களத்தில் இருக்கும்போதுதான் உண்டு, அதனால் எண்ணிக்கொண்டே இருங்கள். ஐந்து பேர் என்றால் அவள் அந்தக் கோட்டுக்குக் காலை நீட்டப் போவதில்லை.

ஓட்டத்தையும் இருட்டில் எடுத்தே ஆக வேண்டும் என்றால், அவள் உங்களுக்குக் குறுக்கே ஓடும்படி உட்காராதீர்கள், உங்களை நோக்கி வரும்படி உட்காருங்கள். மேலே போட்ட 33 புள்ளிக் கணக்கு குறுக்கே ஓடுவதற்குத்தான். நேராக உங்களை நோக்கி வருபவள் அதே வேகத்தில் வந்தாலும் படத்தில் கொஞ்சம் பெரிதாகிறாளே தவிரப் பக்கவாட்டில் நகர்வதில்லை. ஷட்டரை இரண்டு மூன்று படி ஏற்றியதற்குச் சமமான லாபம் இது, அதுவும் இலவசம்.

அப்படியென்றால் எங்கே உட்கார்வது? பெரும்பாலான அப்பா அம்மாக்கள் நடுக்கோட்டுக்கு நேராக நிற்பார்கள், எல்லாம் தெரியும் என்று. அங்கே இருபுறமும் நடுவர்கள் நிற்பார்கள். முக்கியமான நேரத்தில் அவர் முதுகுதான் உங்கள் படம். அதோடு ரெய்டர் குறுக்காகத்தான் தெரிவாள், முகத்தில் பாதிதான். எதிரணியின் பக்கம் உட்கார்ந்தால் அவள் பாடி உள்ளே வரும்போது முகம் தெரியும், ஆனால் முன்னால் தடுப்பவர்களின் முதுகு மறைக்கும். என் இடம் மகளின் சொந்த அணியின் பாதி. நடுக்கோட்டிலிருந்து மூன்று மீட்டர் பின்னால், பக்கக் கோட்டுக்கு வெளியே, களத்தின் பக்கவாட்டுப் பட்டையான லாபியை ஒட்டாமல் இரண்டு மீட்டராவது விட்டு உட்கார்வேன். போகும்போது முதுகுதான் தெரியும், போகட்டும். திரும்பி வரும்போது அவள் முகம் நேராக உங்களைப் பார்க்கும், அவளுக்குப் பின்னால் துரத்தும் ஆறேழு முகங்களும் தெரியும். நடுக்கோட்டுக்குப் பாய்வதும் உங்களை நோக்கித்தான். சொந்த அணியின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் போக வேண்டாம், அங்கே அவுட் ஆனவர்கள் உட்காரும் இடம் இருக்கும், கோச் இருப்பார், உங்களை எழுப்பிவிடுவார்கள்.

சிறுவர் ஆட்டம் வழக்கமாக 15 நிமிடம், 5 நிமிட இடைவேளை, மறுபடி 15 நிமிடம். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும். நீங்களும் எழுந்து மாறுங்கள். இதை மறந்து இரண்டாம் பாதி முழுக்க முதுகு எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உட்காருங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நின்று எடுத்தால் உங்கள் கண் உயரம் 160 சென்டிமீட்டர், குனிந்து ஆடும் பிள்ளையின் உச்சந்தலையும் மண்ணும்தான் வரும். தரையில் சம்மணம் போட்டு, முழங்கையை முழங்காலில் ஊன்றினால் போன் அவள் இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும். குனிந்த முகமும் தெரியும், கையும் ஆடாது. அழுத்துவதற்குத் திரையைத் தேடாமல் ஒலி கூட்டும் பொத்தானைப் பயன்படுத்துங்கள்.

ஃபோகஸுக்கு ஒரு சின்ன வேலை. ரெய்டு தொடங்கும் முன் நடுக்கோட்டில், களத்தின் நடுப்பகுதியில் நிற்கும் யாரையாவது திரையில் தொட்டு அழுத்திப் பிடியுங்கள். ஐபோனில் AE/AF LOCK என்று வரும், மற்றதில் பூட்டுப் படம் வரும். Pro முறையில் ஃபோகஸைக் கையால் வைக்கும் பட்டையும் இருக்கும். போனின் முதன்மை லென்ஸுக்குள் உண்மையான குவியத் தூரம் சில மில்லிமீட்டர்தான் என்பதால், 5 மீட்டரில் பூட்டினால் 3 மீட்டரிலிருந்து பின்னால் எல்லாமே போதுமான அளவு தெளிவாக இருக்கும். பூட்டாமல் விட்டால், குறுக்கே நடுவர் நடந்த கணம் போன் அவரைப் பிடித்துக்கொள்ளும்.

இனி ஒரு ரெய்டை முழுதாகச் சொல்கிறேன். பட்டை விழாத மைதானம், 1/250, ISO 2500, 1x, நடுக்கோட்டில் ஃபோகஸ் பூட்டியாயிற்று. நடுவர் விசில், அவள் கோட்டைத் தாண்டுகிறாள். ஒரு ரெய்டுக்கு 30 வினாடி. முதல் பத்து வினாடி நான் அழுத்த மாட்டேன், அவள் இடம் வலமாக ஆழம் பார்ப்பாள். திரையைப் பார்க்காமல் அதன் மேல்விளிம்பு வழியாக ஆட்டத்தைப் பார்ப்பேன், ஏனென்றால் திரை நிஜத்தைவிடச் சற்றுப் பின்தங்கியே காட்டும். மூலையில் நிற்கும் பெண் இடுப்பைத் தாழ்த்துகிறாள் என்றால் கணுக்காலுக்குப் பாயப் போகிறாள். அப்போது ஒன்று அழுத்துவேன். பிடித்துவிட்டார்கள், அவள் விழுகிறாள். விழும்போது அழுத்தினால் வீண், உடம்பு வேகமாகக் கீழே வருகிறது. மார்பு தரையைத் தொட்டு, கை நீண்டு, பின்னால் மற்றவர்கள் மேலே விழுந்த அந்த இறுக்கத்தில் இரண்டு மூன்று அழுத்துவேன். நடுவர் கை தூக்கிய பிறகும் போனைக் கீழே போட மாட்டேன். புழுதியோடு எழுந்து, தன் அணியைப் பார்க்கும் அந்த முகம் எல்லாவற்றையும்விட மெதுவானது, பல சமயம் வீட்டுச் சுவரில் மாட்டப்படுவது அதுதான். ஒரு ரெய்டுக்கு ஐந்தாறு படம் போதும்.

'வீடியோ எடுத்து நிறுத்திப் படமாக்கலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. பகலில் தாராளமாக. 4K வீடியோவின் ஒரு பிரேம் 8 மெகாபிக்சல், வாட்ஸ்அப்புக்கும் சின்ன அச்சுக்கும் அது தாங்கும். வினாடிக்கு 60 பிரேம் வைத்தால் தொடும் கணம் தப்பாது. இரவில் தானியங்கி வீடியோவும் 1/60 பக்கம்தான் ஓடும், ஒவ்வொரு பிரேமும் நீங்கள் இப்போது எடுக்கும் அதே பேய்ப் படமாகத்தான் இருக்கும்.

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அது எட்டுவது இரண்டு மூன்று மீட்டர், படத்துக்கு உதவாது, ஆடும் பிள்ளையின் கண்ணில் அடிக்கும். குரூப்பில் அனுப்பும்போது ஆவணமாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கி, ISO 2500 புள்ளியைக் களிம்பாக்கிவிடும். மற்ற பிள்ளைகள் தெளிவாகத் தெரியும் படத்தைப் பொதுவில் போடுவதற்கு முன் அவர்கள் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், கீழே விழுந்து உடை விலகிய படங்களை அங்கேயே அழித்துவிடுங்கள்.

அடுத்த மேட்சுக்கு முன் வீட்டுத் தெருவிளக்கில் அவளை இரண்டு தடவை குறுக்கே ஓடவிட்டு, 1/60, 1/250, 1/500 மூன்றிலும் எடுத்துப் பாருங்கள். உங்கள் போன் எந்த ISO வரை தாங்குகிறது, எங்கே முகம் கரைகிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அங்கே 3200-இலேயே முகம் அடையாளம் தெரியாமல் போனால் மறுபடி எழுதுங்கள், அப்போது கேமராவைப் பற்றிப் பேசலாம்.